பில்டரோடு எதைச் சேர்ப்பது?

அப்பாவின் பாத்திரக் கடையை இணையத்துக்குக் கொண்டுவந்திருக்கும் தம்பி தங்கைகள் முதல் சில மாதம் ஒற்றை ஒற்றைப் பொருளாக விற்றுப் பார்க்கிறார்கள். பிறகு கூரியர் பில்லைப் பார்த்து மலைத்துப்போய், "காம்போ போட்டால் ஒரு ஆர்டருக்கு வருகிற தொகை கூடுமே, என்ன சொல்றீங்க?" என்று வந்து நிற்கிறார்கள். தொகை கூடத்தான் செய்யும். கையில் நிற்பது கூடுமா, வாங்க வந்தவர் குழம்பாமல் வாங்கிப் போவாரா என்பதுதான் கேள்வி. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே பொருளை வைத்துச் சொல்கிறேன். பொருள், எவர்சில்வர் காப்பி பில்டர். விலைகளைக் கணக்கு புரிவதற்காக முழு எண்களில் வைத்திருக்கிறேன். உங்கள் கடை எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. காம்போவை யோசித்துக் கண்டுபிடிக்காதீர்கள், ஆர்டர் தாளில் தேடுங்கள்.

கடந்த ஆறு மாத ஆர்டர்களை இறக்கி எக்செல்லில் போடுங்கள். ஒரு பத்தியில் ஆர்டர் எண், பக்கத்தில் பொருள். ஒரே ஆர்டர் எண்ணில் எந்தெந்தப் பொருள்கள் ஜோடியாக வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் எல்லோரும் ஓர் இடத்தில் ஏமாறுவார்கள். அதிகமாகச் சேர்ந்து வந்த ஜோடிதான் நல்ல ஜோடி என்று நினைத்துவிடுவார்கள்.

500 ஆர்டர் என்று வையுங்கள். அதில் 200-இல் பில்டர் இருக்கிறது, 300-இல் காப்பித்தூள் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து 120-இல் இருக்கின்றன. டபரா டம்ளர் 100 ஆர்டரில் இருக்கிறது, பில்டரோடு சேர்ந்து 80-இல். 120 பெரிது, 80 சிறிது. ஆனாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், தற்செயலாகச் சேர்ந்திருந்தால் எத்தனை வரும் என்று பாருங்கள். பில்டருக்கும் தூளுக்கும் 200 × 300 ÷ 500, அதாவது 120. வந்திருப்பதும் அதே 120. தூள் எல்லோரும் வாங்குகிற சாமான். பில்டர் வாங்குகிறவரும் வாங்குகிறார், தோசைக்கல் வாங்குகிறவரும் வாங்குகிறார். பில்டருக்கும் டபராவுக்கும் 200 × 100 ÷ 500, அதாவது 40 வர வேண்டும். வந்திருப்பது 80, இரண்டு மடங்கு. பில்டரை எடுத்த கை டபராவைத் தேடுகிறது என்பதற்கு அந்த 80-தான் சாட்சி.

சந்தைத் தளங்களில் பெரும்பாலோர் ஒரு சாமான்தான் வாங்குவார்கள், ஜோடி எண்ண ஆர்டரே இருக்காது. அமேசானில் பிராண்ட் பதிவு செய்தவர்களுக்கு Brand Analytics பகுதியில் Market Basket Analysis என்ற அறிக்கை கிடைக்கும்; உங்கள் பொருளோடு வேறு எதை வாங்கினார்கள் என்று காட்டும். அதுவும் இல்லையென்றால் வாடிக்கையாளர் கேள்விகளைப் படியுங்கள். "டம்ளர் சேர்ந்து வருமா?" என்று கேட்டவர், காம்போ எது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

2. ஒரே வேலைக்கு ஒரே நேரத்தில் கைக்கு வருகிற சாமான்களை மட்டும் சேருங்கள். அளவும் ஒத்துப்போக வேண்டும்.

பில்டரும் டபராவும் காலை ஆறு மணிக்கு ஒரே மேடையில் இருக்கும். பில்டரும் இட்லித் தட்டும் ஒரே சமையலறையில் இருந்தாலும் ஒரே வேலையில் இல்லை. "சமையலறை காம்போ" என்று பெயர் வைத்தால் எதை வேண்டுமானாலும் உள்ளே போடலாம். அந்தப் பெயரில் யாரும் தேட மாட்டார்கள் என்பதுதான் தொல்லை.

அளவு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பேருக்கு டிகாக்ஷன் இறங்குகிற சின்ன பில்டரோடு ஆறு டம்ளர் வைத்தால், வீட்டில் ஆறு பேர் இருக்கிறவர் நம்பி வாங்கிவிட்டு, டிகாக்ஷன் போதவில்லை என்று பில்டர் மீது புகார் எழுதுவார். பில்டரில் குறை ஒன்றும் இராது. ஆகவே ஆள் கணக்கில் பிரியுங்கள்: இருவருக்கு ஒன்று, நால்வருக்கு ஒன்று. பில்டரில் மூன்று அளவு, டபராவில் மூன்று தினுசு, தூளில் மூன்று கலவை என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டால் 27 காம்போ ஆகும். அத்தனையையும் படித்துத் தேர்ந்தெடுக்க ஆறு மணிக்குக் காப்பி குடிக்கிற மனிதருக்குப் பொறுமை கிடையாது.

பித்தளை டபராவை இதில் கலக்காதீர்கள். அதை வாங்குகிறவர்களில் பலர் பரிசு கொடுக்க வாங்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பெட்டியின் அழகும் பளபளப்பும். பித்தளையில் ஒரு செட் போட விரும்பினால் பரிசு என்றே சொல்லி, வேறு பக்கத்தில், வேறு விலையில் போடுங்கள்.

3. சேர்ப்பதற்கு முன்னால் அட்டைப்பெட்டியை அளந்து பாருங்கள்.

காம்போவின் லாபம் தள்ளுபடியில் பிறப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது பெட்டியில் பிறக்கிறது. கூரியர்காரர் தராசு எடையையும் பார்ப்பார், பெட்டியின் கன எடையையும் பார்ப்பார், எது அதிகமோ அதற்குப் பில் போடுவார். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோவில் கன எடை வரும். நம் ஊரில் பெரும்பாலும் இந்த வாய்ப்பாடுதான். கட்டணம் அரை கிலோ அரை கிலோவாக ஸ்லாப் ஏறும். பாத்திரம் உள்ளே காற்று நிறைந்த சாமான், அதனால் நமக்குக் கன எடைதான் எப்போதும் இடிக்கும்.

பில்டர் மட்டும்: பெட்டி 22 × 11 × 11. பெருக்கினால் 2662, வகுத்தால் 0.53 கிலோ. அரை கிலோவைத் துளி தாண்டியதற்கு ஒரு கிலோ ஸ்லாப். கட்டணம் 90 ரூபாய் என்று வைப்போம். அந்த ஒரு கிலோவில் பாதி இடத்துக்கு வீணாகப் பணம் கொடுக்கிறீர்கள். அந்த வீணான பாதியில் எது உட்காரும் என்று தேடுவதுதான் காம்போ வேலை.

டபராக்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, டம்ளர்களையும் அதேபோல அடுக்கி, பில்டருக்குப் பக்கத்தில் வைத்தால் பெட்டி 22 × 18 × 12 ஆகிறது. 4752-ஐ 5000-ஆல் வகுத்தால் 0.95. இன்னும் அதே ஒரு கிலோ ஸ்லாப்தான், அதே 90 ரூபாய்தான்.

இப்போது கணக்கைப் போடுவோம். தளத்தின் கமிஷன் 10 சதவீதம் என்று கொள்வோம், வரியை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம்.

பில்டர் விலை 450. கமிஷன் 45, கூரியர் 90, பேக்கிங் 20, அடக்கம் 210. மிச்சம் 85.

இருவருக்கான டபரா டம்ளர் விலை 380. சின்னப் பெட்டி, அரை கிலோ ஸ்லாப். கமிஷன் 38, கூரியர் 60, பேக்கிங் 15, அடக்கம் 190. மிச்சம் 77.

தனித்தனியே அனுப்பினால் இரண்டும் சேர்ந்து 162 ரூபாய் நிற்கும். காம்போ விலை 769. வாங்குகிறவருக்கு 61 ரூபாய் குறைவு. கமிஷன் 77, கூரியர் 90, பேக்கிங் 28, அடக்கம் 400. மிச்சம் 174. விலையைக் குறைத்த பிறகும் 12 ரூபாய் கூடுதலாக நிற்கிறது. அது பெட்டி கொடுத்த பணம்.

இந்த இடத்தில் கை அரிக்கும். கால் கிலோ காப்பித்தூளையும் போட்டு 929-க்கு விற்றால் என்ன? தூளின் அடக்கம் 120. பெட்டி 26 × 20 × 14 ஆகிவிடும். கன எடை 1.46 கிலோ, ஒன்றரை கிலோ ஸ்லாப், கட்டணம் 125. கமிஷன் 93, பேக்கிங் 35, அடக்கம் 520. மிச்சம் 156. ஆர்டர் மதிப்பு 160 ரூபாய் ஏறியிருக்கிறது, கையில் நிற்பது 18 ரூபாய் இறங்கியிருக்கிறது. சராசரி ஆர்டர் மதிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் இதைக் கொண்டாடுவார்.

4. ஏற்கெனவே இரண்டையும் வாங்குகிறவருக்கு ஏன் தள்ளுபடி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இது சொந்த இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு. சந்தைத் தளங்கள் பலவற்றில் கூரியர் கட்டணத்தைப் பொருளுக்குப் பொருள் பிடிப்பார்கள், அங்கே மேலே போட்ட கணக்கு அப்படியே நிற்கும். உங்கள் சொந்தத் தளத்தில், ஒருவர் பில்டரையும் டபராவையும் தானே கூடையில் போட்டால் ஒரே பெட்டியில்தான் அனுப்புவீர்கள். கமிஷனுக்குப் பதிலாக பேமெண்ட் கேட்வே, விளம்பரம் எல்லாம் சேர்ந்து அதே 10 சதவீதம் என்று வையுங்கள். 830-இல் 83, 90, 28, 400 போனால் 229 நிற்கும். அவருக்கே காம்போவை 769-க்குக் கொடுத்தால் 174. கேட்காத ஆளுக்கு 55 ரூபாயை நீங்களாகவே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

முதலில் போட்ட கணக்கில் பில்டர் வாங்கிய 200 பேரில் 80 பேர் டபராவும் வாங்கினார்கள், 120 பேர் வாங்கவில்லை. காம்போ வந்ததும் அந்த 80 பேரும் அதற்கு மாறிவிடுவார்கள் என்று வைத்தால் 4400 ரூபாய் போகும். வாங்காத 120 பேரில் ஒருவர் காம்போவுக்கு ஏறினால், 85 நின்ற இடத்தில் 174 நிற்கும், 89 ரூபாய் லாபம். போன 4400-ஐ மீட்க 50 பேர் ஏற வேண்டும். 120-இல் 50 பேர் ஏறுவார்களா? சில கடைகளில் ஏறுவார்கள், பல கடைகளில் ஏற மாட்டார்கள். ஏற மாட்டார்கள் என்று தோன்றினால் காம்போவே வேண்டாம். பில்டர் பக்கத்தில் "டபரா டம்ளரையும் சேர்" என்று ஒரு பொத்தான் முழு விலையில் வைத்தால் போதும்.

ஆகவே தாளில் மிகப் பலமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஜோடியைவிட, தேவை இரண்டுக்கும் இருந்தும் இரண்டாவதைத் தள்ளிப்போடுகிற ஜோடிதான் தள்ளுபடிக்குத் தகுந்தது. ஆர்டர் தேதியும் வாங்கியவர் பெயரும் சேர்த்துக்கொண்டால் அதைத் தாளிலேயே பார்க்கலாம்: இன்று பில்டர் வாங்கியவர் இருபது நாள் கழித்துத் திரும்பி வந்து டபரா வாங்கியிருப்பார். அவரை முதல் நாளே பிடித்தால் இரண்டாவது கூரியர் மிச்சம்.

5. கெட்டுப்போகிற சாமானைக் கெடாத சாமானோடு கட்டி மூடி வைக்காதீர்கள்.

தூளை மறுபடி இழுக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் விழுகிறார்கள். பில்டருக்குக் காலாவதி கிடையாது. தூளைச் சேர்த்துப் பெட்டியை ஒட்டிய நிமிடத்திலிருந்து அந்தப் பெட்டிக்குக் காலாவதி வந்துவிடுகிறது. அரைத்த தூளின் வாசனை நாளுக்கு நாள் இறங்கும். தளத்தின் கிடங்குக்கு அனுப்பிய பெட்டி இரண்டு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தால், தேதிப்படி தூள் சரியாக இருக்கும், நாக்குக்குச் சரியாக இருக்காது. "பில்டர் நன்றாக இல்லை, காப்பி சப்பென்று இருக்கிறது" என்று விமர்சனம் வரும். தேதி தாண்டிவிட்டாலோ முழுப் பெட்டியையும் திருப்பி எடுத்து, பிரித்து, பில்டரை மட்டும் மீட்க வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு பில்டரே வாங்கிவிடலாம்.

இன்னொன்று. பில்டரை ஒருவர் பத்து இருபது வருடத்துக்கு ஒரு முறை வாங்குவார், தூளை மாதா மாதம் வாங்குவார். தூளை பில்டரோடு மட்டும் விற்றால், தூளுக்காக மறுபடி வர வேண்டியவருக்கு வழி இல்லை. தூளைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். திரும்பி வருகிறவருக்குக் கால் கிலோப் பொட்டலம் இரண்டு சேர்ந்த கட்டு ஒன்று போடுங்கள். அரைக் கிலோ ஒரே பையாக வேண்டாம். இரண்டாவது பொட்டலம் பிரிக்கும் வரை வாசனை உள்ளே இருக்கும். தூளை பில்டரோடு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆர்டர் வந்த பிறகு உங்கள் கையாலேயே புதிதாகப் போட்டு அனுப்புகிற தளத்தில் மட்டும் கொடுங்கள்.

6. ஒற்றைப் பொருளின் பக்கம்தான் வாசல். காம்போவுக்குத் தனிப் பக்கம்.

"காப்பி பில்டர்" என்று தேடுகிறவர் கண்ணில் வரிசையாகப் பத்து பில்டர் விலையோடு படும். அங்கே 450 என்று நிற்கும் பில்டரைத்தான் தொடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே 769-ஐ விலை அதிகம் என்று தாண்டிப் போய்விடுவார். அதனால் காம்போ போட்டதும் ஒற்றைப் பொருளை எடுத்துவிடாதீர்கள், அதன் விலையை ஏற்றிக் காம்போவை மலிவாகவும் காட்டாதீர்கள். வந்தவரை உள்ளே அழைத்துப் பிறகு காம்போவைக் காட்டுங்கள்.

ஒற்றைப் பொருள் பக்கத்தில் இருக்கும் தேர்வுப் பெட்டியில் ஒரே வகைக் கேள்விதான் இருக்க வேண்டும். பில்டருக்கு அது அளவு: 200 மி.லி., 300 மி.லி., 500 மி.லி. அதே வரிசையில் நான்காவதாக "300 மி.லி. + டபரா" என்று செருகினால், அளவைத் தேர்ந்தெடுக்க வந்தவர் முன்னால் இன்னொரு கேள்வியும் வந்து நிற்கிறது. விலை 450-லிருந்து 769-க்குத் தாவியதைப் பார்த்துப் பக்கத்தையே மூடுகிறவர்களும் உண்டு. விமர்சனங்களும் கலந்துபோகும்: டம்ளர் நசுங்கி வந்தது என்று எழுதியது பில்டர் மட்டும் வாங்க வந்தவர் கண்ணில் படும்.

தலைப்பில் முதலில் முக்கியப் பொருள், அதன் அளவு, பிறகு கூட வருவது, அதன் எண்ணிக்கை. "ஃபேமிலி பேக்", "மெகா காம்போ" எல்லாம் சுவரொட்டிக்கு நன்றாக இருக்கும். உள்ளே என்ன என்று சொல்லாது. எண்ணிக்கையை எழுதும்போது "டபரா செட் 2" என்று எழுதாதீர்கள். ஒரு டபராவும் ஒரு டம்ளரும் சேர்ந்து இரண்டு உருப்படி என்று நீங்கள் நினைத்திருக்க, இரண்டு டபரா இரண்டு டம்ளர் என்று அவர் படிப்பார். இப்படி எழுதுங்கள்:

எவர்சில்வர் காப்பி பில்டர் 300 மி.லி. + 2 டம்ளர் + 2 டபரா (மொத்தம் 5 உருப்படி)

அந்த "மொத்தம் 5" நீளமாகத் தெரியலாம். பெட்டியைப் பிரித்தவர் எண்ணிப் பார்க்கிற எண் அதுதான்.

முதல் படத்துக்கு வருவோம். படம் எடுக்கிற தம்பி மேசையை அழகாக்குவார். ஓரமாகக் காப்பிக்கொட்டை, ஒரு பால் செம்பு, பித்தளைக் கரண்டி, பின்னால் வாழை இலை. பார்க்க அருமையாக இருக்கும். மறுவாரமே "கரண்டி வரவில்லை" என்று புகார் வரும், தளம் அதைப் "பொருள் குறைவு" என்று பதிந்து வாங்கியவர் பக்கம் நிற்கும். பெட்டிக்குள் போகாத ஒரு பொருளும் முதல் படத்தில் இருக்கக் கூடாது. ஐந்து உருப்படியையும் ஒன்றையொன்று மறைக்காமல் வெள்ளைப் பின்னணியில் வைத்து எடுங்கள். டம்ளரை டபராவுக்குள் நிற்கவைத்து எடுத்தால் டபரா இருப்பதே சிலருக்குத் தெரியாது, பக்கத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அலங்காரமெல்லாம் நான்காவது படத்தில் செய்துகொள்ளட்டும். இரண்டாவது படத்தில் ஒவ்வொரு உருப்படிக்கும் உயரமும் வாய் அகலமும் சென்டிமீட்டரில் போடுங்கள். டம்ளர் இவ்வளவு சின்னதா என்ற ரிட்டர்ன் குறையும்.

பக்கம் தெளிவாக இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. கடையில் வேலை செய்யாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, தலைப்பையும் முதல் படத்தையும் மட்டும் காட்டி, "பெட்டியில் என்னென்ன வரும்?" என்று கேளுங்கள். அவர் சொன்னதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் சரி.

7. காம்போவுக்கென்று ஸ்டாக் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது பெட்டியை முன்கூட்டியே கட்டி அடுக்கிவிட்டால், ஒற்றைப் பில்டர் தீர்ந்து ஆர்டர் ரத்தாகிக்கொண்டிருக்கும்போது அந்த ஐம்பது பில்டரும் கட்டுக்குள்ளே தூங்கும். உங்கள் கையால் அனுப்புகிற வரை கட்டாமல் வையுங்கள். குறியீட்டை மட்டும் தெளிவாக வையுங்கள்:

```
FLT300
DBR2
FLT300-DBR2
```

மூன்றாவது குறியீட்டுக்குச் சொந்தமாக எண்ணிக்கை கிடையாது. பில்டர் 40, டபரா ஜோடி 25 இருந்தால் காம்போ 25. இரண்டில் எது குறைவோ அது. காம்போ ஒன்று விற்றால் இரண்டிலும் ஒன்று குறைய வேண்டும். பல தளங்களில் விற்கிறவர்கள் இதைத் தானாகச் செய்யும் மென்பொருள் வைத்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள் தளத்தில் காட்டும் எண்ணை உண்மையைவிட ஐந்து குறைத்தே காட்டுங்கள்.

விற்காத சரக்கைக் காம்போவில் தள்ளிவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அந்தச் சரக்கு ஏன் விற்கவில்லையோ, அதே காரணத்தால் அதோடு சேர்ந்த பில்டரும் நின்றுவிடும்.

8. வரியையும் லேபிளையும் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

எவர்சில்வர் பாத்திரத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், வறுத்த காப்பித்தூளுக்கும் 5 சதவீதம். அதனால் இந்தக் காம்போவில் சிக்கல் இல்லை. ஆனால் நுரை அடிக்கிற பேட்டரி மத்து ஒன்றைச் சேர்த்து 899-க்கு விற்க நினைத்தால் கதை வேறு. அதற்கு 18 சதவீதம். இயல்பாகச் சேர்ந்தே வராத பொருள்களை ஒரே விலைக்கு விற்றால், மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி அது கலப்பு வழங்கல். அதில் எந்தப் பொருளுக்கு வரி அதிகமோ அந்த விகிதம் மொத்தத்துக்கும் விழும். 899-இல் 5 சதவீதம் என்றால் சுமார் 43 ரூபாய், 18 சதவீதம் என்றால் சுமார் 137 ரூபாய். சின்ன மத்துக்காக 94 ரூபாய் போகும். அதைத் தனிப் பொருளாகத் தனி விலையில் வையுங்கள்.

வெவ்வேறு பொருளை ஒரே பொட்டலமாக விற்றால், 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி வெளிப்பெட்டியிலும் விவரம் வேண்டும்: உள்ளே என்னென்ன, எத்தனை, மொத்த எம்.ஆர்.பி., உங்கள் பெயர் முகவரி, மாதம் வருடம், புகார் எண். உள்ளே இருக்கும் பில்டரில் ஒட்டிய எம்.ஆர்.பி. போதாது. உள் எம்.ஆர்.பி.களின் கூட்டலைவிட வெளி எம்.ஆர்.பி. அதிகமாக இருந்தால் பிரித்துப் பார்த்தவர் ஒரு போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவார், ஜாக்கிரதை.

9. ஒரே ஒரு காம்போவை ஆறு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

தீபாவளி வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம், அப்போது எதுவும் விற்கும். ஆறு வாரமும் ஒற்றைப் பில்டரின் விலையைத் தொடாதீர்கள். முடிவில் பார்க்க வேண்டியது, பில்டர் பக்கத்துக்கும் காம்போ பக்கத்துக்கும் வந்த ஆள்களில் நூறு பேருக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து கையில் எத்தனை ரூபாய் நின்றது என்பது. சராசரி ஆர்டர் மதிப்பு மட்டும் பொய் சொல்லும். முன்பு 100 ஆர்டர், சராசரி 450, வரவு 45,000. பிறகு 60 ஆர்டர், சராசரி 600, வரவு 36,000. சராசரி ஏறியிருக்கிறது, கடை இறங்கியிருக்கிறது. குழம்பிப்போய்த் திரும்பிய அந்த 40 பேர் எந்த அறிக்கையிலும் தங்கள் காரணத்தை எழுத மாட்டார்கள்.

ரிட்டர்னையும் பிரித்துப் பாருங்கள். பில்டர் நூற்றுக்கு நான்கு, டபரா நூற்றுக்கு ஐந்து திரும்பி வருகிறது என்றால் காம்போ நூற்றுக்கு ஒன்பது அளவில் வரும். எதில் குறை இருந்தாலும் பெட்டி முழுதும் திரும்பும் என்பதால் அது இயல்பு. அதற்கு மேல் போனால் காரணத்தைப் படியுங்கள். "நசுங்கியிருந்தது" என்றால் பேக்கிங்கைப் பாருங்கள், உருப்படிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. "சொன்னபடி இல்லை", "ஒன்று குறைவு" என்றால் தலைப்பிலும் படத்திலும் தவறு இருக்கிறது. சொந்தத் தளத்தில் ஒரு டம்ளர் நசுங்கியதற்கு முழுப் பெட்டியைத் திருப்பி வாங்காதீர்கள்; போட்டோ வாங்கிக்கொண்டு ஒரு டம்ளரை அரை கிலோ ஸ்லாபில் அனுப்பிவிடுங்கள். போக வரக் கூரியர் கொடுப்பதைவிட அது மலிவு.

ஆறு வாரத்தில் ஓடவில்லை என்றால் பக்கத்தை அழிக்க வேண்டாம். ஸ்டாக்கைப் பூஜ்யமாக்கி நிறுத்துங்கள். பழைய ஆர்டர்களின் ரிட்டர்ன் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் வரும். திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்து, வெளி லேபிளைக் கிழித்து, பில்டரை பில்டர் அலமாரியிலும் டபராவை டபரா அலமாரியிலும் வைத்து எண்ணிக்கையை அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.